இரண்டு வாரத்தில் இரண்டு ரிப்போர்ட்: எதை நம்புவது?

வாசகர் கேள்வி

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 33, மனைவிக்கு 29. திருமணமாகி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கின்றன. என்னுடைய முதல் விந்துப் பரிசோதனையில் அளவு 0.8 மில்லி, ஒரு மில்லியில் 9 மில்லியன் அணுக்கள், முன்னேறும் அசைவு 18 சதவீதம், சரியான வடிவம் 2 சதவீதம் என்று வந்தது. நிறையச் சேரட்டும் என்று 10 நாள் காத்திருந்து, வீட்டிலேயே எடுத்து, பைக்கில் கொண்டுபோனேன். லேபுக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எடுக்கும்போது முதலில் கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. கூச்சத்தால் லேபில் சொல்லவில்லை. அதற்கு ஆறு வாரம் முன்பு டெங்கு வந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் இக்ஸி என்ற செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்றார்கள். பயந்துபோய், 12 நாள் சத்து மாத்திரை சாப்பிட்டேன். 14-ஆம் நாள் வேறொரு லேபில், நான்கு நாள் இடைவெளிவிட்டு, அங்கேயே எடுத்துக் கொடுத்தேன். 2.4 மில்லி, 21 மில்லியன், முன்னேறும் அசைவு 34 சதவீதம், வடிவம் 3 சதவீதம். எந்த லேப் பொய் சொல்கிறது? மாத்திரையால் சரியாகிவிட்டதா? 97 சதவீதம் கோணல் அணுக்கள் என்றால் பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமா? ஜிம் நண்பர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். போடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்

மருத்துவர் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு லேபுகளில் எதுவும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் தம் கைக்கு வந்ததை எண்ணியிருக்கின்றன. கைக்கு வந்தவைதான் வெவ்வேறு. அன்று சிந்தியதை நீங்கள் எனக்கு எழுதியது நல்லதாயிற்று, ஏனென்றால் முதல் ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்பதற்கான விடையில் பெரும்பகுதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

விந்து வெளியேறும்போது எல்லாம் கலந்து ஒரே சீராக வருவதில்லை. முதலில் வருவது புராஸ்டேட் சுரப்பியின் நீரும், விந்தணுக்களில் பெரும் பங்கும் சேர்ந்த பகுதி. பின்னால் வருவது பெரும்பாலும் விந்துப் பைகளின் திரவம். அதில் அளவு அதிகம், அணுக்கள் குறைவு. ஆகவே கடைசிச் சொட்டு சிந்தினால் அளவுதான் குறையும். முதல் சொட்டு சிந்தினால் அளவோடு ஒரு மில்லிக்கான எண்ணிக்கையும் சேர்ந்து குறைந்துவிடும். 0.8 மில்லி, 9 மில்லியன் என்ற இரண்டு எண்களும் ஒன்றாகத் தாழ்ந்திருப்பதற்கு இது ஒன்றே போதிய காரணமாக இருக்கலாம். சிந்தாமலே அளவு இப்படிக் குறைந்திருந்தால் குழாய் அடைப்பு, விந்து சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிப் போதல் போன்றவற்றை நான் தேட வேண்டியிருக்கும். இரண்டாம் முறை 2.4 மில்லி வந்திருப்பதால் அந்தத் தேடலுக்கு இப்போது அவசியமில்லை.

அசைவுக்கும் இதே கதைதான். எடுத்த விந்து முதலில் கூழ்போல் கட்டியாக இருக்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். இளகியதும், கூடுமானவரை எடுத்த அரை மணி நேரத்தில், தாமதமானாலும் ஒரு மணி நேரத்துக்குள், அசைவைப் பார்த்துவிட வேண்டும். நேரம் போகப் போக ஓடிக்கொண்டிருந்த அணுக்கள் தளர்ந்து நிற்கத் தொடங்கும். பைக்கில் காற்றுப் பட்டுக் குளிர்ந்தாலும் அதே விளைவுதான். ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு லேபின் மேசைக்குப் போன மாதிரியில் 18 சதவீதம் முன்னேறியது என்றால், எடுத்த அரை மணியில் எத்தனை சதவீதம் முன்னேறியிருக்கும் என்று அந்த ரிப்போர்ட்டிலிருந்து சொல்ல முடியாது.

பத்து நாள் காத்திருந்ததும் நீங்கள் நினைத்த பலனைத் தருவதில்லை. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடு வரையறுப்பதற்குக் காரணம் உண்டு. நாள் கூடினால் எண்ணிக்கை ஓரளவு கூடலாம். ஆனால் கூடுவதில் பழைய, தளர்ந்த, இறந்த அணுக்களும் சேர்ந்திருக்கும், அசைவின் சதவீதம் இறங்கும். அதிக நாள் சேர்த்தால் நல்ல ரிப்போர்ட் வரும் என்று நம்பி வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். உண்டியலில் காசு சேர்வதைப் போல இது சேர்வதில்லை.

மூன்று எண்களைப் பெருக்கிப் பாருங்கள்

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வாசித்துத் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து அஞ்சுவதைவிட, அளவு, ஒரு மில்லிக்கான எண்ணிக்கை, முன்னேறும் அசைவு ஆகிய மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். முன்னோக்கி நீந்தும் அணுக்கள் அந்த மாதிரியில் மொத்தம் எத்தனை இருந்தன என்பது தெரிந்துவிடும். சிகிச்சை முடிவு எடுக்கும்போது மருத்துவர்களும் இந்த எண்ணைத்தான் பெரிதும் பார்க்கிறோம்.

உங்கள் முதல் மாதிரியில் 0.8 மில்லியை 9 மில்லியனால் பெருக்கினால் மொத்தம் 7.2 மில்லியன், அதாவது 72 லட்சம் அணுக்கள். அதில் 18 சதவீதம் என்பது சுமார் 13 லட்சம். இரண்டாவது மாதிரியில் 2.4 மில்லியை 21 மில்லியனால் பெருக்கினால் 5 கோடிக்குச் சற்று மேல். அதில் 34 சதவீதம் என்பது சுமார் 1 கோடியே 70 லட்சம். ஒரே மனிதர், இரண்டு வார இடைவெளி, பதின்மூன்று மடங்கு வித்தியாசம். 13 லட்சம் என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும் மருத்துவர், ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் இக்ஸியைப் பற்றிப் பேசுவது விந்தையல்ல. 1 கோடியே 70 லட்சம் என்ற எண்ணைப் பார்ப்பவர், இயல்பாக முயல்வது, தேவைப்பட்டால் கழுவித் தேர்ந்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ என்ற வழியில் பேசத் தொடங்குவார். உங்களுக்கு முதலில் அறிவுரை சொன்னவரின் பிழை இக்ஸி என்ற சொல்லில் இல்லை. சிந்தியதா, எத்தனை நாள் இடைவெளி, எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்தீர்கள், அண்மையில் காய்ச்சல் வந்ததா என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்கு வந்துவிட்டதில் இருக்கிறது.

ரிப்போர்ட்டின் வலப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லை எண்களைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 பதிப்பில் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், முன்னேறும் அசைவு 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்று கொடுத்திருக்கிறார்கள். உங்கள் லேப் 2010 பதிப்பைப் பின்பற்றினால் சில எண்கள் சற்று மாறியிருக்கும். இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன என்பதுதான் முக்கியம். முயலத் தொடங்கி 12 மாதங்களுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் ரிப்போர்ட்டுகளைத் திரட்டி, கீழிருந்து மேலாக அடுக்கி, நூற்றில் ஐந்தாவது இடத்தில் நிற்பவரின் எண்ணை எல்லையாக எடுத்தார்கள். அதாவது, ஓராண்டுக்குள் தந்தையானவர்களிலேயே நூறு பேரில் ஐந்து பேர் ஒவ்வோர் எல்லைக்கும் கீழே இருந்தார்கள். எல்லைக்கு மேலே இருப்பவருக்கு இது உத்தரவாதச் சீட்டும் இல்லை. கீழே இருப்பவருக்குத் தீர்ப்பும் இல்லை. பள்ளித் தேர்வின் 35 மதிப்பெண்ணைப் போல இதை வாசிக்கக் கூடாது.

3 சதவீத வடிவம்

உங்களை அதிகம் உறுத்துவது இதுதான் என்று கடிதத்திலிருந்து புரிகிறது. லேபில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு சொட்டு விந்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாக இழுத்து, உலரவைத்து, சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். டெக்னீஷியன் ஒரு கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அணுவாக, தலை வழுவழுப்பான முட்டை வடிவமா, தலைமேல் தொப்பிபோல் இருக்கும் பகுதி தலையில் பாதியளவுக்கு இருக்கிறதா, கழுத்து நேராகப் பொருந்தியிருக்கிறதா, வால் ஒன்றா, சுருளாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். எல்லாவற்றிலும் தேறினால்தான் சரியானது. சற்றே ஒடுங்கிய தலை, லேசாகச் சாய்ந்த கழுத்து, சந்தேகத்துக்கு இடமானது எல்லாமே மறுபக்கக் கணக்கில் சேரும். இத்தனை கறாரான அளவுகோல் என்பதால்தான் எல்லையே 4 சதவீதத்தில் நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் அளவுகோல் தளர்வாக இருந்தபோது எல்லை 30 சதவீதமாக இருந்தது. உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது தம் காலத்து ரிப்போர்ட்டில் 60 சதவீதம் இருந்தது என்று சொன்னால் அதனோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம்.

இனி, 2, 3, 4 என்ற இந்த எண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். 200 அணுக்களை எண்ணினால் 3 சதவீதம் என்பது ஆறு அணுக்கள். அதே தகட்டில் சற்றுத் தள்ளி வேறு 200 அணுக்களை எண்ணினால் நான்கோ ஒன்பதோ கிடைப்பது தற்செயல் கணக்குக்குள் அடங்கிவிடும். பார்ப்பவர் மாறினால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆகவே உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளும் வடிவத்தில் ஒரே விடையைத்தான் சொல்கின்றன. 2-லிருந்து 3-க்கு முன்னேறிவிட்டதாகவும் கொள்ள வேண்டாம், 4-க்குக் கீழே இருப்பதால் பெரிய குறை என்றும் கொள்ள வேண்டாம். மற்ற எண்கள் சரியாக இருந்து வடிவம் மட்டும் 3 சதவீதம் என்றால், அதை மட்டும் வைத்து எந்தச் சிகிச்சையையும் நான் தொடங்குவதில்லை. ரிப்போர்ட்டின் கீழே டெரட்டோசூஸ்பெர்மியா என்று எழுதியிருந்தால், அது நோயின் பெயரல்ல. வடிவ எண் 4-க்குக் கீழே என்பதற்கான கிரேக்கச் சொல், அவ்வளவுதான்.

குழந்தையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு: விந்தணுவின் தலை கோணலாக இருப்பதற்கும் பிறக்கும் குழந்தையின் உடல் கோணலாக இருப்பதற்கும் தொடர்பில்லை. வெளித்தோற்றத்தை வைத்து ஓர் அணுவுக்குள் இருக்கும் மரபுப்பொருளைக் கணிக்க முடியாது. எல்லா அணுக்களிலும் ஒரே வகைக் குறை, எடுத்துக்காட்டாக எல்லாத் தலைகளும் தொப்பியில்லாத உருண்டைகளாக இருப்பது, மிக அரிதாகக் காணப்படும் தனிக் கோளாறு. அதுகூட கருத்தரிப்பதற்குத்தான் தடை. உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் குறிப்பிட்டிருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

காய்ச்சலும் மாத்திரையும்

ஒரு விந்தணு விதையில் உருவாகத் தொடங்கி முதிர்வதற்கு ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. பிறகு விதையை ஒட்டிய சுருள் குழாயில் தங்கி நீந்தும் திறன் பெறுவதற்கு மேலும் ஒன்று, இரண்டு வாரங்கள். இன்று வெளிவரும் அணு ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன்பு விதைத்தது. இதை மனத்தில் வைத்தால் உங்கள் கதையில் இரண்டு விஷயங்கள் தெளிவாகும்.

ஒன்று, 12 நாள் சாப்பிட்ட மாத்திரை இந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியாது. இரண்டாவது மாதிரியில் இருந்த அணுக்கள் மாத்திரை டப்பாவைத் திறப்பதற்கு வெகுமுன்பே உருவாகத் தொடங்கிவிட்டவை. சிந்தாமல், சரியான இடைவெளியில், லேபிலேயே கொடுத்ததுதான் மாற்றத்தின் பெரும்பகுதி. மாத்திரை கெடுதல் செய்யும் என்று சொல்லவில்லை. அதற்கு உரியதல்லாத பெருமையை அதற்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன், இல்லையென்றால் மாதம் சில ஆயிரம் ரூபாய் அதற்கே போய்க்கொண்டிருக்கும்.

இரண்டு, கடும் காய்ச்சல் உருவாகிக்கொண்டிருக்கும் அணுக்களைப் பாதிக்கிறது. பாதிப்பு காய்ச்சல் நாளிலேயே தெரியாது. அடுத்த வாரங்களில் வெளிவரும் அணுக்களில் எண்ணிக்கையும் அசைவும் இறங்கி, இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் மீண்டுவிடும். டெங்குவுக்குப் பின் உங்கள் முதல் மாதிரி ஆறாவது வாரத்திலும், இரண்டாவது எட்டாவது வாரத்திலும் எடுத்தவை. இரண்டுமே அந்த இறக்கத்துக்குள் விழுகின்றன. ஆகவே 21 மில்லியனும் 34 சதவீதமும்கூட உங்கள் வழக்கமான நிலையைவிடக் குறைவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லத்தான் மூன்றாவது பரிசோதனை.

ஊசியைப் பற்றி நேராகவே சொல்கிறேன்: போடாதீர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால், போதுமான ஹார்மோன் இருக்கிறது என்று மூளை எண்ணி, விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் ஹார்மோன் உயர்ந்திருக்கும், தசையும் ஏறும், விதைக்குள் உற்பத்தி படுத்துவிடும். எண்ணிக்கை பூச்சியத்துக்கே இறங்கலாம். நிறுத்திய பிறகு மீண்டுவர மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகிறது.

மூன்றாவது பரிசோதனை

விந்துப் பரிசோதனையில் ஒருவருடைய எண்கள் உடல்நலத்துடன் இருக்கும்போதே வாரத்துக்கு வாரம் வெகுவாக ஏறி இறங்கும். முதல் ரிப்போர்ட் சரியாக இருந்தால் அதோடு நிறுத்திவிடலாம். சரியில்லை என்றால் மறுபடி பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதே எங்கள் துறையின் வழக்கம். மறுபரிசோதனைக்குக் குறைந்தது ஒரு மாதமாவது விடுவது நல்லது. காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, மருந்து போன்ற காரணம் இருந்தால், அது நீங்கி மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதுதான் பொருளுள்ள ஒப்பீடு. உங்களுக்கு இரண்டாவது பரிசோதனையிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் விட்டால் அந்தக் கெடு தாராளமாகக் கடந்துவிடும். இரண்டாவது லேபிலேயே, அதே நான்கு நாள் இடைவெளியில் கொடுங்கள். லேபும் இடைவெளியும் மாறினால் எது உங்கள் மாற்றம், எது முறையின் மாற்றம் என்று பிரிக்க முடியாமல் போகும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஆண் மலட்டுத்தன்மையைப் பார்க்கும் சிறுநீரகவியல் மருத்துவரிடம் உடற்பரிசோதனைக்குச் செல்லுங்கள். இத்தனை ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் உங்களை யாரும் தொட்டுப் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. விதைகளின் அளவையும், நிற்கவைத்து மூச்சடக்கி முக்கச் சொல்லி வெரிகோசீல் எனப்படும் இரத்தக்குழாய்ப் புடைப்பு இருக்கிறதா என்பதையும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். முதல் இரண்டு ரிப்போர்ட்டுகளையும், டெங்கு வந்த தேதியையும், சிந்திய விவரத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது ரிப்போர்ட் இரண்டாவதைப் போலவோ அதைவிட நன்றாகவோ வந்தால், உங்கள் பக்கம் இக்ஸிக்குக் காரணமில்லை. ஆனால் இரண்டரை ஆண்டு முயன்றாயிற்று என்பதால், இன்னும் காலவரையின்றிக் காத்திருக்கவும் நான் சொல்ல மாட்டேன். மனைவியின் மருத்துவரோடு சேர்ந்து ஐயூஐ பற்றிப் பேசத் தொடங்கலாம். அவருக்கு 29 வயது என்பதால் இந்த எட்டு வாரத்தை நீங்கள் இழப்பாகக் கருத வேண்டியதில்லை. அவருக்கு 37, 38 வயதாகியிருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும். மூன்றாவதிலும் ஒரு மில்லிக்கு 10 மில்லியனுக்குக் கீழே வந்தால் எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களுக்கான இரத்தச் சோதனைகளும், 5 மில்லியனுக்குக் கீழே என்றால் மரபணுச் சோதனைகளும் தேவைப்படும். அவற்றுக்குப் பிறகே இக்ஸி பற்றிய பேச்சு. அப்படி ஒரு நிலை வந்தாலும், இந்தியாவில் 2021-இல் இயற்றிய செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையம்தான் அதைச் செய்யலாம். உங்கள் இருவருக்கும் ஆலோசனை வழங்கி, எழுத்துபூர்வமான ஒப்புதல் பெற்றாக வேண்டும். கையெழுத்திடும் முன், எந்த ரிப்போர்ட்டை அடிப்படையாகக் கொண்டு இதைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

ரிப்போர்ட்டில் பஸ் செல் என்று ஓர் எண் இருந்து, அதற்காக யாராவது ஆன்டிபயாட்டிக் எழுதினால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிவதெல்லாம் சீழ்ச் செல் அல்ல. முதிராத விந்தணுச் செல்களும் அப்படியே தெரியும். தனிச் சாயமிட்டுத்தான் பிரித்தறிய முடியும்.

மாதிரி எடுக்கும் நாளில் சிறுநீர் கழித்துவிட்டு, கையையும் உறுப்பையும் சோப்பு எச்சமில்லாமல் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், எச்சில், கடையில் வாங்கும் ஆணுறை எதுவும் கூடாது. எல்லாமே அணுக்களின் அசைவைக் கெடுக்கும். லேப் தரும் வாயகன்ற குப்பியை முதல் துளிக்கு முன்பே பிடித்திருங்கள். கொடுத்த நேரம், பரிசோதித்த நேரம், இடைவெளி நாட்கள் மூன்றையும் ரிப்போர்ட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மறுபடியும் கொஞ்சம் சிந்திவிட்டால், குப்பியை நீட்டும்போதே ஜன்னலில் இருப்பவரிடம் "முதல் பகுதி சிந்திவிட்டது" என்று சொல்லிவிடுங்கள். அவர் அதை ஒரு நாளில் பலமுறை கேட்பவர். குறித்துக்கொண்டு, வேறொரு நாள் வரச் சொல்வார்.